நவம்பர் விற்பனை ஏன் விழுந்தது?

திருநெல்வேலிப் பக்கம் ஜவுளிக்கடைகளுக்குக் கணக்கு பார்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு கேள்வி பழக்கமாகியிருக்கும். டிசம்பர் முதல் வாரத்தில் முதலாளி டாலியைத் திறப்பார். நவம்பர் மாத விற்பனையைப் போன வருஷ நவம்பரோடு வைத்துப் பார்ப்பார். "தம்பி, பாதிக்கு மேல போயிருச்சே, யாவாரம் இவ்வளவு மோசமாவா இருக்கு?" என்பார். இல்லை அண்ணாச்சி, இந்த வருஷம் தீபாவளி அக்டோபரிலேயே முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருக்கும். அவருக்கும் அது தெரியாததில்லை. தீபாவளிக்குக் கடையைத் திறந்து வைத்து நின்றவரே அவர்தான். ஆனாலும் மாதக் கணக்குத் தாளில் சிவப்பாக ஒரு சதவீதம் தெரிந்தால், தெரிந்த விஷயமும் மறந்துபோகிறது. அந்தச் சிவப்பைப் பார்த்துப் பொங்கலுக்குச் சரக்கைக் குறைத்து ஆர்டர் போட்டவர்களும் உண்டு.

"தீபாவளி மாறிவிட்டது" என்பது பாதி பதில்தான். மாறியது சரி, அதைக் கழித்துப் பார்த்தால் வியாபாரம் கூடியதா, குறைந்ததா? அதற்கு விடை சொல்லாமல் தீபாவளியைக் காரணம் காட்டி விட்டுவிடுவது, சரிந்த எண்ணைப் பார்த்துப் பயப்படுவதைவிட மோசம். உண்மையிலேயே வியாபாரம் குறைந்திருந்தால் அதுவும் அந்தச் சாக்கில் மறைந்துபோகும்.

முதலில் தேதிகளைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் தீபாவளி 2022இல் அக்டோபர் 24, 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. 2026இல் நவம்பர் 8. பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் ஏறக்குறைய 354 நாள்தான். அதனால் பண்டிகை வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் நகர்கிறது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் கூடுதலாகச் சேர்க்கப்படும்போது பதினெட்டு, பத்தொன்பது நாள் பின்னால் தாவுகிறது. 2022க்கும் 2023க்கும் நடுவே அப்படி ஒரு தாவல் இருந்தது. 2025க்கும் 2026க்கும் நடுவே இன்னொன்று.

பொங்கலுக்கும் ஆடித் தள்ளுபடிக்கும் இந்தத் தொல்லை இல்லை. இரண்டும் சூரியக் கணக்கு. ஆடி எப்போதும் ஜூலை நடுவில் பிறந்து ஆகஸ்ட் நடுவில் முடியும். அதனால்தான் சிலர் கெட்டிக்காரத்தனமாக ஒரு யோசனை சொல்வார்கள்: தீபாவளி எப்படியும் ஐப்பசியில்தானே வருகிறது, இங்கிலீஷ் மாதத்தை விட்டுவிட்டுத் தமிழ் மாதக் கணக்கில் ஒப்பிட்டால் என்ன? நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன், சரிவராது. 2023இல் தீபாவளி ஐப்பசியின் கடைசி வாரத்தில் வந்தது. அதற்கான விற்பனை பெரும்பாலும் ஐப்பசியிலேயே நடந்தது. 2025இல் ஐப்பசி பிறந்த மூன்றாம் நாளே தீபாவளி. துணி வாங்கியதெல்லாம் புரட்டாசியில். பண்டிகை ஒரே மாதத்துக்குள் நின்றாலும் அதற்கான விற்பனை அந்த மாதத்துக்குள் நிற்பதில்லை.

சரி, ஒரு நடுத்தரக் கடையை எடுத்துக்கொள்வோம். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை, கணக்கு ஓடுவதற்காக முழு லட்சங்களில். 2023இல் இந்தக் கடைக்கு அக்டோபரில் 46 லட்சம், நவம்பரில் 77 லட்சம். 2024இல் அக்டோபரில் 96 லட்சம், நவம்பரில் 22 லட்சம்.

மாதத்துக்கு மாதம் வைத்துப் பார்த்தால் 2024 அக்டோபர் இரண்டு மடங்குக்கும் மேல் வளர்ச்சி. நவம்பர் 71 சதவீதம் சரிவு. இரண்டுமே பொய். அக்டோபர் முடிந்ததும் முதலாளி இன்னொரு கிளை திறக்கலாமா என்று கேட்டிருப்பார். நவம்பர் முடிந்ததும் ஆட்களைக் குறைக்கலாமா என்று கேட்டிருப்பார்.

எளிதான திருத்தம், இரண்டு மாதத்தையும் கூட்டிவிடுவது. 2023இல் 123 லட்சம், 2024இல் 118 லட்சம். 4 சதவீதம் குறைவு. பெரிய அமைப்புகளும் இதைத்தான் செய்கின்றன. சீனப் புத்தாண்டு ஜனவரியிலும் பிப்ரவரியிலுமாக மாறி மாறி வருவதால், சீனாவின் புள்ளிவிவரத் துறை சில்லறை விற்பனையை அந்த இரண்டு மாதத்துக்கும் சேர்த்து ஒரே எண்ணாக வெளியிடுகிறது. நம் ஊரில் வாகன முகவர்கள் கூட்டமைப்பு நவராத்திரியின் முதல் நாளிலிருந்து 42 நாளை ஒரு பண்டிகைக் காலமாக எடுத்துக்கொண்டு, அதைப் போன வருஷத்தின் அதே 42 நாளோடு ஒப்பிடுகிறது. மாத எல்லை அங்கே ஒரு பொருட்டே இல்லை.

இந்த இரண்டாவது வழிதான் கடைக்கும் பொருந்தும். தீபாவளித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, பண்டிகைக்கு முந்தைய 21 நாளைத் தனியாக எடுக்க வேண்டும். மிச்ச நாளைத் தனியாக வைக்க வேண்டும். நம் கடையில் 2023க்கு அந்த 21 நாள் அக்டோபர் 22 முதல் நவம்பர் 11 வரை, விற்பனை 90 லட்சம். 2024க்கு அக்டோபர் 10 முதல் 30 வரை, விற்பனை 87 லட்சம். பண்டிகை விற்பனை 3 சதவீதம் சொச்சம் குறைந்திருக்கிறது. மிச்சமுள்ள 40 நாளில் 2023இல் 33 லட்சம், 2024இல் 31 லட்சம். அது 6 சதவீதம் குறைவு. அக்டோபர் இரட்டிப்பானது என்று கொண்டாடிய கடையில் பண்டிகை நாளும் இறங்கியிருக்கிறது, சாதா நாளும் இறங்கியிருக்கிறது. சாதா நாள் இன்னும் அதிகமாக இறங்கியிருக்கிறது. பக்கத்தில் புதுக்கடை ஏதாவது வந்திருக்கிறதா, வாடிக்கை யாராவது போய்விட்டார்களா என்று தேட வேண்டியது அங்கேதான்.

ஏன் 21 நாள்? இருபது வைத்தால் என்ன, முப்பது வைத்தால் என்ன? ஜவுளியில் ஞாயிற்றுக்கிழமை விற்பனையே தனி. தீபாவளி நெருங்கும்போது ஒரு ஞாயிறு சாதா நாள் மூன்றுக்குச் சமமாக ஓடும். நாம் எடுக்கும் நாள்கணக்கு ஏழின் மடங்காக இருந்தால், எந்தக் கிழமையில் தீபாவளி வந்தாலும் அதற்குள் எல்லாக் கிழமையும் சம எண்ணிக்கையில் விழும். 21 நாளில் சரியாக மூன்று ஞாயிறு. இருபது நாள் எடுத்தால் ஒரு வருஷம் மூன்று ஞாயிறும் இன்னொரு வருஷம் இரண்டுமாகக் கணக்கு ஆடும். முப்பது எடுத்தாலும் அதே ஆட்டம்தான். 14, 21, 28, 35 என்று ஏதாவது ஒன்றை எடுங்கள். எடுத்ததை எல்லா வருஷத்துக்கும் ஒன்றாகவே வையுங்கள்.

எத்தனை வாரம் என்பதைக் கடையின் தினசரி விற்பனையே சொல்லும். இரண்டு மூன்று வருஷத்துத் தினசரி எண்களைத் தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பு என்ற வரிசையில் அடுக்கிப் பாருங்கள். விற்பனை எந்த வாரத்தில் சாதா அளவைத் தாண்டி எழும்புகிறதோ அங்கிருந்து தொடங்கலாம். எல்லாப் பிரிவும் ஒரே நேரத்தில் எழும்பாது என்பதையும் அப்போதே பார்க்கலாம். ஜாக்கெட் பிட், சட்டைத் துணி, பேன்ட் துணி எல்லாம் முதலில் எழும்பும். தையற்காரர்கள் தீபாவளிக்குப் பல நாள் முன்பே "இனி எடுக்க முடியாது" என்று கைவிரித்துவிடுவார்கள். தைக்கக் கொடுக்க வேண்டியவர்கள் அதற்குள் வாங்கியாக வேண்டும். சேலை நடுவில். பிள்ளைகளுக்கான ரெடிமேட், பனியன், ஜட்டி, கைலி கடைசி நாள் இரவு வரைக்கும் ஓடும். மொத்தக் கடைக்கு 21 நாள் போதும் என்றாலும், துணி பிரிவை மட்டும் பார்க்கும்போது 35 நாள் வைத்தால்தான் முழுசாக அகப்படும். மொத்த வியாபாரிகளுக்கு இது இன்னும் முன்னால் போய்விடும். ஈரோட்டு வாரச்சந்தையில் சில்லறைக் கடைக்காரர்கள் வந்து தீபாவளிச் சரக்கை அள்ளுவது, எங்கள் ஊர்க் கடையில் கூட்டம் வருவதற்கு வாரக்கணக்கில் முன்பு.

எக்ஸெலில் இதைப் போடுவது சுலபம். டாலியிலிருந்து தினசரி விற்பனையை எடுத்து A நெடுவரிசையில் தேதி, B நெடுவரிசையில் வரிக்கு முந்தைய விற்பனை என்று ஒட்டிக்கொள்ளுங்கள். வருஷம் மாறினாலும் கீழே கீழே தொடர்ச்சியாக ஒட்டலாம். E2இல் அந்த வருஷத் தீபாவளித் தேதி. அப்புறம் இந்த ஒரு வரிதான்:

```
=SUMIFS(B:B, A:A, ">="&E2-21, A:A, "<"&E2)
```

E3, E4 என்று அடுத்தடுத்த வருஷத் தீபாவளியைப் போட்டு வரியைக் கீழே இழுத்தால் ஒவ்வொரு வருஷத்தின் 21 நாளும் வந்துவிடும். தீபாவளி நாளை நான் சேர்ப்பதில்லை. அன்று கடை திறந்தாலும் விற்பனை பெரிதாக இராது.

சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே முதலாளி கேட்பார்: "போன வருஷம் இந்நேரம் எவ்வளவு?" இங்கே "இந்நேரம்" என்பதைத் தேதியாக எடுத்துக்கொண்டால் தொலைந்தது. 2024 அக்டோபர் 20 என்பது தீபாவளிக்குப் பதினோரு நாள் முன்பு. 2025 அக்டோபர் 20 தீபாவளியே. அதனால் தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணி ஒப்பிட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தீபாவளிக்கு நாலு நாள் முன்பு என்பது 2023இல் புதன்கிழமை, 2024இல் ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு நாளை மட்டும் வைத்துப் பார்த்தால் 2024 பிரமாதம் என்று தோன்றும். மறுநாளே தலைகீழாகும். நாளுக்கு நாள் பார்க்காமல், தீபாவளிக்கு 15 நாள் முன்பு முதல் வாரம் முடியும்போது ஒருமுறை, 8 நாள் முன்பு இரண்டாம் வாரம் முடியும்போது ஒருமுறை என்று முழு வாரங்களின் கூட்டுத்தொகையைப் பாருங்கள். நடுவில் பார்த்துப் பதறுவதில் பிரயோசனம் இல்லை.

ஆனால் கிழமையின் ஆட்டம் இதோடு முழுக்க அடங்கிவிடாது. தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்தால், 2023இல் வந்ததுபோல, கடைசி ஞாயிறு பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் போய்விடுகிறது. திங்கட்கிழமை வந்தால், 2025இல் வந்ததுபோல, கடைசி ஞாயிறு பண்டிகைக்கு முதல் நாள். எண்ணிக்கையில் மூன்று ஞாயிறுதான், ஆனால் முதல் நாள் ஞாயிறு வேறு மாதிரி ஓடும். எப்படியும் கூட்டம் வரும் நாளிலேயே விடுமுறையும் வந்து சேர்கிறது. அது இடநெருக்கடி, பில்லிங்கில் நீண்ட வரிசை, பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போவது என்று முடியவும் கூடும். இதைக் கணக்கால் சரிசெய்ய முடியாது. சதவீதத்துக்குப் பக்கத்தில் தீபாவளிக் கிழமையை எழுதி வைப்பதோடு சரி. ஒன்றிரண்டு சதவீத வித்தியாசத்துக்கு அர்த்தம் தேடக்கூடாது என்று நான் சொல்வதும் இதனால்தான். சம்பளத் தேதியும் அப்படித்தான். நவம்பர் 12 தீபாவளி என்றால் அக்டோபர்ச் சம்பளம் கையில் வந்தபிறகு கடைசி வாரம் வருகிறது. அக்டோபர் 20 என்றால் சம்பளம் வந்து வாரங்கள் ஆகியிருக்கும், போனஸை நம்பித்தான் கூட்டம். வடகிழக்குப் பருவமழையும் நவம்பர்த் தீபாவளியைத்தான் அதிகம் கெடுக்கும்.

2025க்கு வருவோம். நம் கடைக்கு அக்டோபர் 98 லட்சம். 2024 அக்டோபர் 96. இரண்டு தீபாவளியும் அக்டோபரில்தானே, இந்தமுறை மாதத்தோடு மாதம் ஒப்பிட்டால் தப்பில்லை என்று நினைப்போம். 2 சதவீத வளர்ச்சி, அவ்வளவுதான் என்று முடித்துவிடுவோம். ஆனால் அந்த 21 நாள் 2025இல் செப்டம்பர் 29இலேயே தொடங்கிவிட்டது. முதல் இரண்டு நாளின் 3 லட்சம் செப்டம்பரில் போய் உட்கார்ந்துகொண்டது. அதோடு தீபாவளியன்றும் அதற்குப் பின்னும் கடை காற்றாடும் நாட்கள் 2024இல் ஏறக்குறைய முழுசாக நவம்பரில் இருந்தன. 2025இல் அவற்றில் 12 நாள் அக்டோபருக்குள் வந்துவிட்டன. 2024 அக்டோபரில் தீபாவளிக்கு முந்தைய ஒன்பது சாதா நாளில் 9 லட்சம் விற்றது. 2025இல் அதற்குப் பதிலாக இந்த 12 வெறிச்சோடிய நாளில் 7 லட்சம்தான். 21 நாள் கணக்கில் பார்த்தால் 2024இல் 87, 2025இல் 94. வளர்ச்சி 8 சதவீதம். ஒரே மாதத்துக்குள் பண்டிகை நகர்ந்தாலும் மாதக் கணக்கு ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

மிச்ச நாளைப் பார்ப்பதற்கும் இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். 2024இல் அக்டோபர், நவம்பர் இரண்டிலும் பண்டிகைக்கு வெளியே 40 நாள் இருந்தன. 2025இல் 42 நாள். மொத்தத்தை ஒப்பிடாமல் நாள் சராசரியை ஒப்பிட வேண்டும். 31 லட்சத்தை 40ஆல் வகுத்தால் நாளுக்கு 77,500. 2025இன் 33 லட்சத்தை 42ஆல் வகுத்தால் 78,500 சொச்சம். சாதா நாள் விற்பனை இருந்த இடத்திலேயே இருக்கிறது. கூடியது பண்டிகையில் மட்டும். அந்த மிச்ச நாளுக்குள்ளும் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது: சீக்கிரம் தீபாவளி வந்தால் ஐப்பசி முகூர்த்தங்கள் பெரும்பாலும் பண்டிகைக்குப் பிறகு வரும், பட்டுச்சேலை விற்பனை தனியாகத் தெரியும். தீபாவளி தாமதமானால் கல்யாணப் பட்டும் தீபாவளிச் சேலையும் ஒரே 21 நாளுக்குள் கலந்துவிடும். பட்டுப் பிரிவைத் தனியாக எடுத்துவிட்டுப் பார்ப்பது நல்லது.

2025க்கு இன்னொரு விஷயமும் உண்டு. செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது. ஒரு உருப்படி ஆயிரம் ரூபாய்க்கு மேல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைகளுக்கு வரி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 2,000 ரூபாய் உள்ள சட்டை, வாடிக்கையாளருக்கு 2,240இலிருந்து 2,100 ஆனது. வரி சேர்த்த பில் தொகையை ஒப்பிடுகிறவர்களுக்கு, அதே எண்ணிக்கை சட்டை விற்றிருந்தாலும் விற்பனை குறைந்ததுபோலத் தெரியும். அதனால்தான் B நெடுவரிசையில் வரிக்கு முந்தைய தொகை என்று மேலே சொன்னேன். வரி குறைந்ததால் கூட்டம் கூடியதா, தீபாவளி நேரம் நன்றாக அமைந்ததா என்பதை ஒரு கடையின் கணக்கை வைத்துப் பிரிக்க முடியாது. பில் எண்ணிக்கையையும் ஒரு பில்லின் சராசரித் தொகையையும் தனித்தனியே பார்த்தால் கொஞ்சம் துப்புக் கிடைக்கும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் தானாகவே செய்யும் மென்பொருள் இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் X-13ARIMA-SEATS நிரலில் ஈஸ்டருக்கு உள்ளேயே ஏற்பாடு இருக்கிறது. தீபாவளிக்கு நாமே தேதிகளைக் கொண்டு ஒரு மாறியைச் செய்து கொடுக்க வேண்டும். பல வருஷத்து மாதக் கணக்கு கையில் இருக்கும் பெரிய நிறுவனத்துக்கு அது சரி. நாலைந்து வருஷத் தரவு மட்டும் உள்ள கடைக்கு மேலே சொன்ன ஒரு வரிச் சூத்திரம் போதும்.

ரம்ஜான் கணக்கு இதைவிடச் சுவாரசியமானது. மேலப்பாளையம், காயல்பட்டினம், ஆம்பூர் போன்ற ஊர்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு அதுதான் முக்கிய சீசன். அங்கே கூடுதல் மாதம் சேர்க்கும் வழக்கம் இல்லை, பண்டிகை வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் போய்க்கொண்டே இருக்கிறது, திரும்பித் தாவுவதில்லை. 2023இல் ஏப்ரல் 22, 2024இல் ஏப்ரல் 11, 2025இல் மார்ச் 31, 2026இல் மார்ச் மூன்றாம் வாரம். இது நிதியாண்டின் எல்லையைத் தாண்டுகிறது. 2024 பண்டிகையின் விற்பனை பாதி மார்ச்சிலும், அதைவிடக் கனத்த பாதி ஏப்ரலிலும் விழுந்தது. ஆக 2024–25 நிதியாண்டுக்கு அந்தக் கனத்த பாதியும் கிடைத்தது, 2025 பண்டிகை முழுசும் கிடைத்தது. 2025–26க்கு ஒரே ஒரு பண்டிகைதான். வருஷக் கணக்கை வைத்துப் பார்க்கும் ஆடிட்டருக்கும் வங்கிக்கும் 2024–25 அபார வளர்ச்சியாகவும், அடுத்த ஆண்டு சறுக்கலாகவும் தெரியும். தீபாவளியில் மாதம்தான் பொய் சொல்கிறது. ரம்ஜானில் முழு வருஷமே பொய் சொல்லிவிடும்.

இனி 2026. நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. 21 நாள் அக்டோபர் 18 முதல் நவம்பர் 7 வரை. கடைசி வாரம் முழுக்க நவம்பர் 1 முதல் 7. நம் கடையில் 2025இன் 94 லட்சம் வாரவாரியாக 16, 26, 52 என்று பிரிந்தது என்று வைத்துக்கொள்வோம். 2026இலும் ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல் அதே விற்பனை நடந்தால், அக்டோபரில் 17 சாதா நாளுக்கு ஏறக்குறைய 13 லட்சம், முதல் இரண்டு வாரத்துக்கு 42 லட்சம், ஆக 55 லட்சம். 2025 அக்டோபர் 98. வியாபாரம் துளியும் மாறாத கடையின் மாதக் கணக்கு 44 சதவீதச் சரிவு காட்டும்.

முதலாளிக்கு இதை இப்போதே சொல்லி வைக்கலாம், அவர் புரிந்துகொள்வார். வங்கிக்கு மாதாமாதம் போகும் ஸ்டாக் ஸ்டேட்மென்டில்தான் சிக்கல். அக்டோபர்க் கடைசியில் சரக்கு மலைபோல இருக்கும், விற்பனை பாதியாகத் தெரியும், வாங்கியதற்குப் பாக்கியும் நிறைய இருக்கும். அதனோடு மூன்று வருஷத்து 21 நாள் கணக்கை ஒரு தாளில் வைத்துக் கொடுத்துவிடுவது நல்லது. அதைவிட முக்கியம் சரக்கு போடுகிறவர்களின் தவணை. வழக்கம்போல ஆகஸ்டில் அறுபது நாள் கடனுக்குச் சரக்கு எடுத்தால் பணம் அக்டோபரில் கட்ட வேண்டிவரும். 2025இல் அது நடந்தது, ஏனென்றால் 20ஆம் தேதிக்குள் மொத்தப் பணமும் கல்லாவுக்கு வந்துவிட்டது. 2026இல் 52 லட்சம் வரும் அந்த வாரம் நவம்பரில்தான் தொடங்குகிறது. காசோலைத் தேதியை நவம்பர் 10க்குப் பிறகு வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறார்களா என்று ஆர்டர் போடும்போதே, ஜூலையிலேயே, கேட்டுவிட வேண்டும்.